கேட்டால் கிடைக்கும் தெரு

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான புத்தகக் கடைகளுக்குள் நுழைய முடியாது. நுழைய உள்ளே இடம் இருக்காது. தெருவைப் பார்த்தபடி ஒரு மேசை. அதன் பின்னால் ஒருவர் உட்காரும் இடைவெளி. அவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் கூரை வரை புத்தகங்கள். வாங்க வந்தவர் நடைபாதையில் நிற்க வேண்டும். மருந்துக் கடையில் நிற்பதுபோல நின்று, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அலமாரி அலமாரியாக விரலை ஓட்டி, எடுத்துப் புரட்டி, திரும்ப வைத்துப் பழகிய நமக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். இவ்வளவு புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றையும் தொட விடமாட்டேன் என்கிறார்களே என்று தோன்றும்.

அந்த எரிச்சலோடு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். உலகத்தின் பெரிய பழைய புத்தகச் சந்தைகளில் ஒன்று என்று கேள்விப்பட்டுப் போய், பொறியியல் கைடுகளையும் போட்டித் தேர்வு வினா வங்கிகளையும் மட்டும் பார்த்துவிட்டு, காபி ஹவுஸில் ஒரு காபி குடித்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் தெருவில் இருக்கும் கடைகளைத் தனித்தனியாக எடைபோட்டால் அப்படித்தான் ஏமாற்றமாக இருக்கும். காலேஜ் ஸ்ட்ரீட் நூற்றுக்கணக்கான கதவுகள் கொண்ட ஒரே கடை. என்னென்ன கிடைக்கும், கேட்டது கையிருப்பில் இருக்குமா, என்ன விலை, ஆட்கள் எப்படி என்று எந்தப் புத்தகக் கடையைப் பற்றியும் கேட்கும் கேள்விகளை இந்தத் தெரு முழுவதையும் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் வருகிறவர்களுக்கு வழி எளிது. ஹௌரா பாலத்தைக் கடந்தால் மகாத்மா காந்தி ரோடு. அது நேரே வந்து காலேஜ் ஸ்ட்ரீட்டைக் குறுக்கே வெட்டுகிறது. மெட்ரோவில் வந்தால் மகாத்மா காந்தி ரோடு நிலையத்திலோ சென்ட்ரல் நிலையத்திலோ இறங்கிச் சிறிது நடக்கலாம். சியால்தா ரயில் நிலையத்திலிருந்தும் நடை தூரம்தான். காலை பதினோரு மணிக்கு முன்னால் போய்ப் பயனில்லை. பாதிக் கடைகளில் ஷட்டர் தூக்கியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அடைப்பு. வார நாளில் பிற்பகல்தான் தெருவுக்கு உச்ச நேரம்.

புத்தகங்கள் ஏன் இந்த இடத்தில் வந்து குவிந்தன என்பதற்குச் சுற்றியுள்ள கட்டடங்களே விடை. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரிதான் பின்னால் பிரசிடென்சி ஆனது. சமஸ்கிருதக் கல்லூரி 1824, மருத்துவக் கல்லூரி 1835, கல்கத்தா பல்கலைக்கழகம் 1857. இத்தனையும் ஒரு சிறு நடைக்குள் அடங்கிவிடும். சமஸ்கிருதக் கல்லூரியோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்த ஈஸ்வர சந்திர வித்யாசாகர், நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரோடு சேர்ந்து 1847இல் ஒரு அச்சகம் தொடங்கினார். அச்சிட்டதை விற்கப் புத்தகக் கிடங்கு ஒன்றும் நடத்தினார். 1855இல் அவர் எழுதிய குழந்தைகளுக்கான அரிச்சுவடி ‘வர்ணபரிசய்’ இன்றும் மெல்லிய தாளில், சின்ன விலையில் இங்கே விற்கிறது. 1886இல் தொடங்கிய தாஸ்குப்தா அண்ட் கம்பெனி இன்னும் அதே தெருவில் இருக்கிறது. பாடப் புத்தகம் இங்கே குடியிருப்பவர். இலக்கியம் பின்னால் வந்து சேர்ந்த வாடகைக்காரர். இதைப் புரிந்துகொண்டால் தெருவின் பாதி நடத்தை விளங்கிவிடும்.

முதலில், என்னென்ன கிடைக்கும்? நடைபாதையில் மரச்சட்டமும் தகரமும் கொண்ட பெட்டிக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. இவை பாடத்திட்டத்தின் ராஜ்ஜியம். பள்ளி, கல்லூரி, ரயில்வே தேர்வு, வங்கித் தேர்வு, மருத்துவ நுழைவுத் தேர்வு. மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகப் போக உடற்கூறியலும் மருந்தியலும் கூடிக்கொண்டே வரும். நடந்து போகிறவரைப் பார்த்து “என்ன புத்தகம், எந்த செமஸ்டர்?” என்று கூவுவார்கள். நரைத்த தலையோடு போனாலும் செமஸ்டர் கேட்பதை விடமாட்டார்கள்.

நடைபாதைக்குப் பின்னால் கட்டடங்களில் இருக்கும் கடைகள் இரண்டாவது அடுக்கு. வங்காள இலக்கியம், வரலாறு, அகராதி, ஆங்கிலத்தில் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் இங்கே. இதற்கும் பின்னால், பங்கிம் சாட்டர்ஜி தெரு, சியாமாசரண் தே தெரு, டேமர் லேன் போன்ற கிளைச் சந்துகளில் பதிப்பகங்களின் சொந்தக் கவுன்டர்கள். பங்கிம் சாட்டர்ஜி தெருவில் தேஜ் பப்ளிஷிங்கும் எம்.சி. சர்க்காரும் இருக்கின்றன, சியாமாசரண் தே தெருவில் மித்ர ஓ கோஷ். வெளியூர்க்காரர் பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறார். இலக்கியம் வேண்டுமென்றால் சந்துக்குள் திரும்ப வேண்டும்.

சிறுபத்திரிகைகளுக்கென்று தனி இடம் பாதிராம் கடை. தெருவோரத்தில் இருக்கும் சின்னக் கடைதான். வங்காளத்தின் மூலை முடுக்குகளிலிருந்து வரும் இதழ்கள் அங்கே தொங்கும், அடுக்கியிருக்கும், சிலவற்றுக்கு அடியில் இன்னும் சில மறைந்திருக்கும். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் போனால் பூஜை மலர்கள் குவிந்திருக்கும். நம் தீபாவளி மலர்களின் உறவினர்கள் அவை; ஆனால் ஒரே மலரில் பல முழு நாவல்கள் வெளிவருவது அங்கே சாதாரணம். பிறகு புத்தகமாக வரப்போகும் நாவல்கள் பலவற்றை வங்காளிகள் முதலில் படிப்பது அந்த மலர்களில்தான்.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் புதிதாக வந்த நாவல் வேண்டுமென்றால் இங்கே அலைய வேண்டாம். பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம். மற்ற இந்திய மொழிப் புத்தகங்களும் தேடக்கூடாது. தமிழ் எழுத்தில் ஒரு அட்டையைக்கூட நான் பார்க்கவில்லை. பாடத்தில் இல்லாத ஆங்கில அ-புனைவு நடைபாதையில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வகைகளின் பரப்பு என்று பார்த்தால் நகரத்துப் பெரிய சங்கிலிக் கடை இதைவிட மேல். வங்காளம், பாடப் புத்தகம் என்ற இரண்டு துறைகளின் ஆழம் என்று பார்த்தால் இதன் பக்கத்தில் வைக்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து கையிருப்பு. இந்தத் தெருவின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. அதீன் பந்த்யோபாத்யாய் எழுதிய ‘நீல்கண்ட பாக்கிர் கோஞ்ஜே’யின் வங்காள மூலம் எனக்கு வேண்டியிருந்தது. சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்று நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட, தமிழ் வாசகர்கள் பலர் மனத்தில் வைத்திருக்கும் நாவல். வங்காளம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். தமிழில் பல முறை படித்ததால், பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தைத் தடவித் தடவியாவது படித்துவிடலாம் என்று ஓர் ஆசை.

ஒரு கவுன்டரில் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் இல்லை, பட்டியல் இல்லை. அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இரண்டு பாகமா, எல்லாம் சேர்ந்த ஒரே கட்டா?” என்று கேட்டார். ஒரே கட்டு என்றேன். “கருணா பிரகாஷனி போட்டது. என்னிடம் இல்லை. பத்து நிமிடம் நில்லுங்கள்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் ஒரு துண்டுத் தாளில் நாலு எழுத்து கிறுக்கிக் கொடுத்தார். பையன் சந்துக்குள் மறைந்தான். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அந்த இடைவெளியில் அவர் மேலும் நாலைந்து பேரிடம் பேசி அனுப்பினார். அவர்களில் சிலருக்காகவும் ஆட்கள் ஓடினார்கள். பையன் புத்தகத்தோடு வந்தான்.

இந்த ஓட்டம்தான் காலேஜ் ஸ்ட்ரீட்டின் கிடங்கு. பதிப்பகங்களின் விற்பனைக் கவுன்டர்கள் ஐந்து பத்து நிமிட நடையில் இருக்கும்போது, சில்லறைக் கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிப் பணத்தை முடக்க வேண்டியதில்லை. அடிக்கடி கேட்கப்படுவதை மட்டும் வைத்துக்கொள்வார். மற்றதை, கேட்கும் ஆள் எதிரே நிற்கும்போதே வியாபாரக் கழிவில் எடுத்து வருவார். ஆகவே “இல்லை” என்ற பதிலுக்கு இங்கே மூன்று அர்த்தங்கள் உண்டு. என் கடையில் இல்லை, ஆள் அனுப்பி எடுத்துத் தருகிறேன் என்பது ஒன்று. பதிப்பகத்திலேயே தீர்ந்துவிட்டது, மறு அச்சு வர வேண்டும் என்பது இன்னொன்று. இது என் துறையே இல்லை, வேறிடம் பாருங்கள் என்பது மூன்றாவது. தலையை ஆட்டிவிட்டார் என்று நகர்ந்துவிடாமல், “எடுத்துத் தர முடியுமா, இல்லை அச்சிலேயே இல்லையா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அச்சில் இல்லை என்றால் அதை யார் வெளியிட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிப்பகக் கவுன்டருக்கு நேரே போனால், மறு அச்சு எப்போது என்று சில சமயம் சொல்வார்கள். சில சமயம் அட்டை மங்கிய கடைசிப் பிரதி ஒன்று உள்ளே இருந்து வரும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. பெயர் தெரியாத புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது. தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் தேடாத ஒன்று கண்ணில் படுவதுதான் புத்தகக் கடையின் சுகம் என்றால், புதுப் புத்தகங்களைப் பொறுத்தவரை அந்தச் சுகம் இங்கே குறைவு. அதனால் போவதற்கு முன்னால் பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டும்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், முடிந்தால் பதிப்பகம். வங்காள எழுத்தில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. நம் உச்சரிப்பில் ‘அ’ என்று சொல்வதை அவர்கள் ‘ஒ’ என்று சொல்வார்கள். காதில் விழும் பெயர் அவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம். கைபேசியில் அட்டைப் படத்தைக் காட்டினால் பேச்சே தேவையில்லை.

மூன்றாவது விலை. புதுப் புத்தகத்தில் பேரம் கிடையாது. ஆனால் அச்சிட்ட விலையை அப்படியே கொடுக்கிறவரும் கிடையாது. வங்காளப் புத்தகங்களுக்குப் பத்திலிருந்து இருபது சதம் வரை தள்ளிக் கொடுப்பது இங்கே வழக்கம். ஆங்கிலக் கல்லூரிப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். கேட்காமலே பில்லில் கழித்துவிடுவார்கள். கழிக்கவில்லை என்றால் “கமிஷன் எவ்வளவு?” என்று ஒரு முறை கேட்டால் போதும்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? 500 ரூபாய் அச்சிட்ட புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிப்பகம் கடைக்காரருக்கு 30 சதம் கழிவு தருகிறது என்றால், அவருக்கு அடக்கம் 350. வாசகருக்கு 20 சதம் தள்ளினால் 400க்கு விற்கிறார். மிச்சம் 50 ரூபாய். அதில்தான் ஓடிப் போய் எடுத்து வந்த பையனின் சம்பளமும் கடை வாடகையும் அடங்க வேண்டும். கிடங்குச் செலவும், விற்காமல் தேங்கும் பிரதிகளின் நஷ்டமும் இல்லாததால்தான் இந்த ஐம்பது ரூபாயில் பிழைக்க முடிகிறது. வினோதம் என்னவென்றால், பதிப்பகத்தின் சொந்தக் கவுன்டரில் நேரே வாங்கினால் மலிவாக இருக்கும் என்ற நம் கணக்கு இங்கே சில சமயம் தப்பும். பதிப்பகம் தனி வாசகருக்குக் குறைவாகத்தான் தள்ளும். அதே பதிப்பகத்தில் வியாபாரக் கழிவில் எடுத்து வரும் சில்லறைக் கடைக்காரர் கூடுதலாகத் தள்ளிக் கொடுக்க முடியும். அவசரம் இல்லாதவர் இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய புத்தகத்தின் விலை வேறு தர்க்கம். அச்சிட்ட விலையில் பாதி என்பது பேச்சு தொடங்கும் இடம். எங்கே போய் முடியும் என்பதைப் புத்தகத்தின் வயதோ அருமையோ தீர்மானிப்பதில்லை, பாடத்திட்டம் தீர்மானிக்கிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் தென்னிந்திய வரலாறு, ஆங்கிலப் பதிப்பு, ஓரம் மடங்கி, பாதிப் பக்கங்களில் யாரோ ஒரு மாணவர் சிவப்பு மையில் கோடிழுத்த பிரதி ஒன்று நடைபாதையில் கண்ணில் பட்டது. கடைக்காரர் நான் எதிர்பார்த்ததைவிட அதிக விலை சொன்னார். இவ்வளவு கோடு போட்டிருக்கிறதே என்றேன். “எம்.ஏ. வரலாற்றுப் பிள்ளைகள் கோடு போட்டதைத்தான் தேடி வாங்குவார்கள். எது முக்கியம் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா?” என்றார். இறங்கி வரவில்லை. அதே கடையில், அதே அடுக்கில், கெட்டி அட்டையில் அழகாக இருந்த ஒரு பழைய பயண நூலை நான் கேட்காமலே பாதிக்கும் கீழே தரத் தயாராக இருந்தார். அதை வாங்க எந்த செமஸ்டரும் வராது.

இலக்கியம் தேடுகிறவருக்கு இது நல்ல செய்தி. பாடத்தில் இல்லாதவை எல்லாம் மலிவு. ஆனால் முதல் பதிப்பு, கையெழுத்திட்ட பிரதி, பழைய இதழ்த் தொகுப்பு போன்றவற்றை அறிந்த வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாதி விலைப் பேச்சே எடுபடாது. அச்சிட்ட விலை ஏழு ரூபாயாக இருக்கும். கேட்பது ஐந்நூறாக இருக்கும். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஏழு ரூபாய் என்பது அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு.

விலையைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வங்காளப் புத்தகங்களில் விலையும் ஆண்டும் பெரும்பாலும் வங்காள எண்களில் இருக்கும். அவர்களுடைய நான்கு நம் கண்ணுக்கு எட்டாகத் தெரியும். அவர்களுடைய ஏழு ஒன்பதாகத் தெரியும். 400 ரூபாய்ப் புத்தகத்தை 800 என்று படித்துவிட்டுத் திரும்ப வைக்க நேரும். நடைபாதையில் பேரம் பேசும்போது ‘பாதி’யைத் தவறான முழுமையிலிருந்து கணக்கிட நேரும். ரயிலில் வரும்போதே பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொண்டால் போதும். பழைய பிரதிகளில் ஆண்டு, வங்காள ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். அதோடு 593 கூட்டினால், சித்திரையை ஒட்டிய அவர்களுடைய புத்தாண்டிலிருந்து டிசம்பர் வரைக்குமான ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1378 என்று இருந்தால் 1971. முதல் பதிப்பு என்று சொல்லி விற்கப்படும் பிரதியைச் சோதிக்க இந்தச் சிறு கூட்டல் தேவைப்படும்.

வாங்குவதற்கு முன் பிரதியைச் சோதிப்பது தனி வேலை. பெரும்பாலான புத்தகங்கள் பதினாறு பக்கங்கள் கொண்ட மடிப்புகளாகச் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. கட்டும்போது ஒரு மடிப்பு விட்டுப் போகலாம். அல்லது ஒரே மடிப்பு இரண்டு முறை வந்துவிடலாம். புதுப் பிரதியிலும் இது நடக்கும். அதனால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தால் போதாது. பதினாறு பதினாறாகத் தாவி, பக்க எண் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. புதுப் பிரதியில் இந்தக் குறை தெரிந்தால் கவுன்டரிலேயே மாற்றித் தருவார்கள். ஊருக்கு வந்த பிறகு தெரிந்தால் அந்தப் பதினாறு பக்கம் போனதுதான்.

நடைபாதையில் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒன்று, கள்ளப் பதிப்பு. தாள் சாம்பல் நிறத்தில் மெலிதாக இருக்கும். எழுத்தின் விளிம்பு ஒளிநகல் போலக் கொஞ்சம் தடித்துக் கலங்கியிருக்கும். படங்களில் கறுப்பு அப்பியிருக்கும். பக்க ஓரம் மேலும் கீழும் சமமாக வெட்டப்பட்டிருக்காது. நன்றாக விற்கும் ஆங்கில நாவல்களிலும் விலை உயர்ந்த பாடப் புத்தகங்களிலும்தான் இது அதிகம். இரண்டாவது, ஈரம். கொல்கத்தாவின் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்பது பழைய கதை. 2020 மே மாதம் அம்பன் புயல் அடித்தபோது புத்தகங்கள் தெருவில் மிதந்தன. நனைந்து காய்ந்த பிரதியை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புத்தகத்தை மூடி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தாள்களின் ஓரம் அலை அலையாக இருந்தால் அது நனைந்த பிரதி. விரித்து முகர்ந்தால் பூஞ்சை வாசம் சொல்லிவிடும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. வீட்டில் பக்கத்துப் புத்தகங்களுக்கும் பூஞ்சை பரவும்.

கட்டு உடைந்திருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சியால்தா பக்கமுள்ள பைட்டக்கானா பகுதி தாள் வியாபாரத்துக்கும் புத்தகக் கட்டுக்கும் பெயர் போனது. பக்கங்கள் முழுமையாக இருந்து கட்டு மட்டும் போன பழைய புத்தகத்தை விலை குறைத்து வாங்கி, அங்கே கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகமும் காகிதமும் மொத்தமாக வாங்குகிறவர்கள் போகும் இடமும் அதுதான்.

கடைசியாக ஆட்கள். காலேஜ் ஸ்ட்ரீட் கவுன்டரில் இருப்பவரிடம் புன்னகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வரவேற்பு கிடையாது, “வேறென்ன வேண்டும்?” கிடையாது. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார். ‘தாதா’ என்று, அதாவது அண்ணா என்று, கூப்பிட்டுத் தொடங்குவது நல்லது. இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு நடக்கும். ஆனால் கேள்வி துல்லியமாக இருந்தால் அந்த ஆளே மாறிவிடுவார். எனக்கு வங்காளம்–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும், சாஹித்ய சம்சத் வெளியிட்டது என்று கேட்டபோது, எதற்கு என்று பதில் கேள்வி வந்தது. நாவல் படிக்க என்றேன். “கிழக்கு வங்கத்துக் கிராமப் பேச்சு அந்த நாவலில் நிறைய வரும். அகராதியில் பாதி இருக்காது. முதலில் பிபூதிபூஷண் ஏதாவது ஒன்று படியுங்கள், பிறகு அதற்குப் போங்கள்” என்றார். நான் வாங்கியிருந்த நாவலின் கட்டு என் கையில் இருந்ததை எப்போதோ கவனித்திருக்கிறார். அகராதியை விற்றார், பிபூதிபூஷணை விற்க முயலவில்லை. தன் கடையில் இல்லாததால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையைக் காட்டினார்.

இந்த வகை உதவிதான் இங்கே கிடைக்கும். பல ஆண்டுகள் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கானவர் கேட்ட கேள்விகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த அறிவு அது. எந்த நூல் எந்தப் பதிப்பகத்திடம் மாறிப் போயிற்று, எந்தப் பதிப்பில் முன்னுரையை எடுத்துவிட்டார்கள், எது மறு அச்சுக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கிறது. இதன் பலவீனமும் அதுவேதான்: அந்த ஆள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால், இடத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்குப் பாதிக்கு மேல் தெரியாது, “இல்லை” என்பது சுலபமாக வரும். மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்த “இல்லை”யை நான்கு மணிக்கு மறுபடி கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நடைபாதைக் கடைக்காரர்களின் உதவி இதற்கு எதிர்க்கோடி. அவர்கள் உங்களை விடமாட்டார்கள். கேட்ட பதிப்பு இல்லையென்றால் பழைய பதிப்பைக் காட்டி “எல்லாம் ஒன்றுதான்” என்பார்கள். கதைப் புத்தகத்தில் உண்மையிலேயே ஒன்றாக இருக்கலாம். மருத்துவம், சட்டம், வரி போன்ற பாடங்களில் ஒருபோதும் ஒன்றில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பதிப்பு எண்ணைப் பார்ப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை அலைச்சலுக்கு நடுவில் உட்கார இடம் பங்கிம் சாட்டர்ஜி தெருவின் காபி ஹவுஸ். முன்பு ஆல்பர்ட் ஹால். 1958 முதல் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. காபி சுமார், இரைச்சல் அதிகம். ஆனால் வாங்கிய பிரதிகளைப் பதினாறு பதினாறு பக்கமாகத் தாவிப் பார்க்க மேசையும் மின்விசிறியும் உண்டு; குறை தெரிந்தால் கடை இரண்டு நிமிட நடை. அந்தக் காரணத்துக்காகவே போக வேண்டிய நேரம், வாங்கிய பிறகு. வாங்குவதற்கு முன் அல்ல.

எந்தப் பருவத்தில் போவது என்று கேட்டால், ஜனவரியைத் தவிர்க்கலாம். மேற்கு வங்கப் பள்ளிகளின் ஆண்டு அப்போது தொடங்குவதால் தெரு முழுவதும் பெற்றோர்கள். இலக்கியம் கேட்கிறவரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டையொட்டிப் பதிப்பகங்கள் புது நூல்களை வெளியிடும். எழுத்தாளர்களையும் கவுன்டர்களில் பார்க்கலாம். கடும் மழை மாதங்களில் பழைய புத்தகம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

யார் போகலாம், யார் போக வேண்டாம் என்பதைத் தெளிவாகவே சொல்லலாம். குளிர்சாதன அறையில் நாலு புத்தகத்தைப் புரட்டி, பிடித்ததை வாங்கும் மாலைப் பொழுது வேண்டும் என்பவருக்கு இந்தத் தெரு பொருந்தாது. வகைகளும் வசதியும் இங்கே குறைவு, கூட்டமும் புழுக்கமும் மிகுதி. வங்காளம் ஓரளவாவது தெரிந்தவர், அல்லது வங்க எழுத்தாளர்களைத் தமிழில் படித்து மூலத்தையோ மற்ற நூல்களையோ தேடுகிறவர், அல்லது ஒரு துறையின் பாடப் புத்தகங்களைக் குறைந்த விலையில் முழுத் தொகுதியாக வாங்க நினைக்கும் மாணவர், இவர்களுக்கு ஒரு முழு நாளை இங்கே கொடுப்பது தகும். பட்டியலோடு போங்கள், முதல் “இல்லை”யை நம்பாதீர்கள், பில் போடும்போது கழிவைக் கேளுங்கள், கிளம்பும் முன் பக்கங்களை எண்ணுங்கள். திரும்பும்போது பெட்டியில் எட்டுப் பத்து கிலோவுக்கு இடம் விட்டு வைப்பதும் நல்லது. பட்டியலில் இருந்ததைவிட அதிகமாகவே வாங்குவீர்கள், ஏனென்றால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவர் கேட்கும் புத்தகங்களின் பெயர்களும் காதில் விழும்.